வெள்ளைப் பவுடர் மீது விழுந்த பழி

அந்தக் குரல் பதிவு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. எங்கள் ஜிம்மின் பெண்கள் பிரிவு வாட்ஸப் குழுவில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். பதிவை அனுப்பியவர் அந்த முப்பத்தோரு பேரில் ஒருவர் இல்லை. ஒருவரின் கணவர், மனைவியின் போனிலிருந்து பேசியிருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் மனைவி வெள்ளிக்கிழமையிலேர்ந்து படுத்த படுக்கையா கிடக்கறா. தலைவலி, வாந்தி, கை நடுக்கம். எதுக்குத் தெரியுமா? உங்க கோச்சம்மா குடுத்த கிரியேட்டின் பவுடரை நிறுத்தினதுக்கு! நிறுத்தினா உடம்பு சரியுதுன்னா அதுக்குப் பேரு போதைதான். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஜிம்முக்கு வர்றேன். பதில் வேணும். இல்லேன்னா நேரா போலீஸ்தான்."

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அதை நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்பதற்குள் நான்கு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஒன்பது பேர்.

கோச்சம்மா என்பது என் அக்கா. ஜிம்மில் எல்லோருக்கும் அவள் 'ஜாக்கி'. வண்டிச் சக்கரம் மாற்ற அடியில் வைத்துத் தூக்குவார்களே, அந்த ஜாக்கி. பார்சல் கிடங்கில் எட்டு வருடம் மூட்டை தூக்கியவள். ஆண்கள் இரண்டு பேராகப் பிடிக்கும் பெட்டியைத் தனியாக எடுத்து அடுக்குவாள் என்பதால் அங்கே வைத்த பெயர். அங்கேயே ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் குப்புறப் படுத்திருந்தாள். எழுந்ததும் செய்த முதல் வேலை, எடையை எப்படித் தூக்கினால் இடுப்பு தப்பிக்கும் என்று கற்றுக்கொள்ள ஒரு ஜிம்மில் சேர்ந்தது. இரண்டு வருடத்தில் அதே ஜிம்மில் மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். சான்றிதழ் படிப்பைத் தபாலில் முடித்தாள். இப்போது ஆறு வருடமாக, காலை ஐந்தரை முதல் எட்டு வரை பெண்கள் நேரம் அவளுடையது. வீட்டு வாடகையும் அவள் மகனின் பள்ளியும் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் ஓடுகின்றன. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, போன மாதம் முதல் அவள் கூடத்தில் பாய் போட்டிருக்கும் நானும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

அவளுக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. "முதுகு வளையுது, நேராக்கு." "இது பத்தா? எட்டுதான் ஆச்சு, எனக்கும் எண்ணத் தெரியும்." இவ்வளவுதான் பேச்சு. ஆனால் யார் எவ்வளவு தூக்கினார்கள், சரியாகத் தூங்கினார்களா, எந்த முட்டி வலித்தது, எல்லாம் நீள நோட்டில் எழுதி வைத்திருப்பாள். தசைக்கு வலுவூட்டும் வெள்ளைப் பவுடரான கிரியேட்டின் பற்றி அவளாக யாரிடமும் பேச்செடுத்ததில்லை. கேட்டால் சொல்வாள்: தினம் ஒரு சின்ன ஸ்பூன், தண்ணீரில் கலந்து. அதிகமாகப் போட்டுக்கொள்வதால் லாபமில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குரல் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பளுக்கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"டீச்சர் வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா."

"டீச்சருக்கு வாந்தியா?"

"அப்படித்தான் சொல்றார்."

அப்போதுதான் கை நின்றது. "போன புதன்கிழமை என்கிட்ட கேட்டாங்கடி. நிறுத்தலாமான்னு. தாராளமா நிறுத்துங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

கணக்கு டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு வருடமாக வருகிறார். வந்த புதிதில் காலிக் கம்பியையே தூக்க முடியாமல் சிரித்தவர், இப்போது தன் எடைக்குச் சமமாகத் தரையிலிருந்து தூக்குகிறார்.

ஓனர் பத்து மணிக்கு வந்தார். குழுவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "ஏம்மா, ஆறு மணி வரைக்கும் நீ எங்கயும் போகாதே, யார்கிட்டயும் பேசாதே. டீச்சர் வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. புரியுதா? இது உன் வேலை சமாச்சாரம்."

"சரி சார்" என்றாள் அக்கா.

பதினொன்றரைக்கு நாங்கள் டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம்.

கதவைத் திறந்தது டீச்சர்தான். கணவர் துணிக்கடையில் மேற்பார்வை வேலை, மாலைதான் வருவார். ஜன்னல் திரைகளெல்லாம் இழுத்து விடப்பட்டிருந்தன. நெற்றியில் ஈரத்துண்டு. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"கோச்சம்மா, நீங்க வந்தது தெரிஞ்சா அவர் குதிப்பார்."

"குதிக்கட்டும், கால் நல்லதாகும். முதல்ல உக்காருங்க. டாக்டரைப் பார்த்தீங்களா?"

"சனிக்கிழமை பார்த்தாச்சு. பிரஷர் நார்மல். காய்ச்சல் இல்லை. கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தாங்க. வலி மாத்திரை குடுத்து, குறையலேன்னா வரச் சொன்னாங்க." டீச்சர் குரல் உடைந்தது. "ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க, அந்தப் பவுடர் பழகிட்டா விட முடியாது, விட்டா ஆளே சரிஞ்சிடும்னு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. சரி, நான் விட்டே காட்டறேன்னுதான் வியாழக்கிழமையோட நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறாவது பீரியட்ல தலையைப் பிளக்குது. பிள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். சாயங்காலம் வாந்தி. இப்ப சொல்லுங்க, நான் அடிமைதானே?"

அக்காவுக்கு ஏதோ ஒன்று இடித்துக்கொண்டிருந்தது என்பது அவள் தாடை அசைவிலேயே தெரிந்தது.

"வியாழக்கிழமை நிறுத்தி வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

"டீச்சர், வெள்ளைப் பவுடர் தசைக்குள்ள போய்ச் சேர்ந்து இருக்கும். நிறுத்தினா அது பழைய அளவுக்கு வடியறதுக்கே ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகும். வெள்ளிக்கிழமை உங்க தசையில அது கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்திருக்கு. இல்லாம போறதுக்கு முன்னாடியே எப்படி உங்களைக் கீழ தள்ளும்?" அக்கா தன் நோட்டைப் புரட்டினாள். "போன வருஷம் நானே ரெண்டு மாசம் நிறுத்திப் பார்த்தேன், பயிற்சியை நிறுத்தாம. இதோ. எடை ஒன்றரைக் கிலோ இறங்குச்சு. அது தண்ணி. கடைசி ரெண்டு தூக்கு வரலை. அவ்வளவுதான். தலைவலி இல்லை, எரிச்சல் இல்லை, வேணும் வேணும்னு மனசும் அடிச்சுக்கலை. நிறைய நாள் மறந்தே போச்சு."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

"தெரியலை. அதான் வந்தேன். மாத்திரை எதுவும் கேக்கலையா?"

"டாக்டர் குடுத்தது கேக்கலை. நேத்து பக்கத்து வீட்டுல ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதைப் போட்டு அரை மணி நேரத்துல சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. அஞ்சாறு மணி நேரம் நல்லா இருந்துட்டு மறுபடியும் வந்துடுச்சு."

"அந்த அட்டை இருக்கா?"

டீச்சர் இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்தார். அக்கா ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஒன்றில் பாரசிட்டமால் மட்டும். பக்கத்து வீட்டு மாத்திரையில் பாரசிட்டமாலோடு காஃபீனும்.

"டீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?"

"காப்பியா? அதை விட்டே ஆறு மாசம் ஆச்சே! பவுடர் குடிச்சா காப்பியே தேவைப்படலை."

அக்கா நோட்டை மூடி வைத்தாள்.

"அந்தப் பவுடர் டப்பாவைக் காட்டுங்க" என்றாள் அக்கா.

அது ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடித்தது. கிரியேட்டினுக்கு வாசனை கிடையாது. நிறமும் வெள்ளை. டப்பாவில் இருந்ததோ வெளிர் சிவப்பு.

"இது என்ன?"

"கிரியேட்டின்தான். கூட நம்ம ஜிம் கவுண்டர்ல விக்கற சிவப்புப் பவுடரும். பயிற்சிக்கு முன்னாடி குடிக்கச் சொல்லுவாங்களே, தெம்புக்கு. ஸ்கூல்ல நின்னு ரெண்டு பாட்டில் குலுக்க நேரம் ஏது? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன். காலையில ஜிம்முக்கு முன்னாடி ரெண்டு கரண்டி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி." கணக்கு டீச்சர் கொஞ்சம் நிமிர்ந்தார். "விகிதம் சரியாத்தான் போட்டேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீங்க ரோஸ் கலர்ல குடிச்சதை ஆறு மாசமா தினம் பார்த்துட்டு இருந்தேன். ஏதோ ஜூஸ்ல கலக்கறீங்கன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேக்கலை. நிறுத்தலாமான்னு நீங்க கேட்டப்பகூட, எதைன்னு கேக்கலை."

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொன்னாள். "நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டுப் போகக் கூடாது. அவங்க சொல்லட்டும்." டீச்சர் ஒலிபெருக்கியில் போட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு டாக்டரம்மா முதலில் திட்டினார்.

"சனிக்கிழமை காப்பி டீ உண்டான்னு கேட்டேன், இல்லேன்னீங்களே!"

"காப்பி குடிக்கலையே டாக்டர்."

"நல்லாச் சொன்னீங்க. சிவப்புப் பவுடர்ல ஒரு கரண்டிக்கு எவ்வளவு காஃபீன்?"

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். கவுண்டரில் அந்தப் பவுடரைப் பெரிய டிரம்மிலிருந்து பைகளில் அள்ளிக் கட்டுவது ஓனர். பையின் மேல் ஜிம் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே என்ன என்று எதுவும் இருக்காது.

"எழுதலை டாக்டர்" என்றாள் அக்கா.

"அது வேறயா? சரி. தினமும் உள்ள போற காஃபீனை வெச்சு உடம்பு தன்னைச் சரி பண்ணிக்கிட்டிருக்கும். திடீர்னு எடுத்துட்டா தடுமாறும். தலைவலி, வாந்தி, எரிச்சல், சோர்வு, எல்லாம் வரும். ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சு, ரெண்டு நாள் உச்சத்துல நின்னு, ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். இதைத்தான் உடம்பு ஒண்ணைச் சார்ந்து போறதுன்னு சொல்றோம். அடிமைத்தனம்னா அது வேற. கெடுக்குதுன்னு தெரிஞ்சும் விட முடியாம, வேலை குடும்பம் எல்லாத்தையும் தள்ளிட்டு அது பின்னாடியே ஓடறது. நீங்க வீம்புக்கு ஒரே நாள்ல விட்டவங்க. உங்களைப் போய் யார் அடிமைன்னாங்க?"

"அப்ப கிரியேட்டின் டாக்டர்?"

"அதுக்கு இந்த ரெண்டு குணமும் இல்லை. கறி மீன்லயும் இருக்கு, உடம்பே கொஞ்சம் தயாரிக்குது. வெளியிலேர்ந்து வரும்போது கொஞ்சம் குறைச்சுத் தயாரிக்கும், நின்னா மறுபடி ஆரம்பிச்சிடும். இப்ப ஒரு சின்ன டம்ளர் காப்பி குடிங்க. காஃபீன்தான் காரணம்னா ஒரு மணி நேரத்துக்குள்ள தலைவலி இறங்கணும். அப்புறம் ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாம். இறங்கலேன்னாலும் பார்வை மங்கினாலும் உடனே கிளினிக்குக் கிளம்பி வாங்க. அந்தச் சிவப்புப் பவுடரைத் தூக்கிப் போடுங்க."

பக்கத்து வீட்டிலிருந்து காப்பித்தூள் வாங்கிவந்தேன். நாற்பது நிமிடத்தில் டீச்சர் தானே எழுந்து போய்த் திரையை விலக்கினார். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினார், ஆனால் திரையை மூடவில்லை.

தெருவுக்கு வந்ததும் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "தப்பிச்சாச்சுக்கா! சாயங்காலம் இதை அப்படியே சொல்லிட்டா முடிஞ்சுது."

அக்கா நின்று என்னைப் பார்த்தாள். "யார்கிட்ட சொல்லணும்? சிவப்புப் பவுடர் யாருது?"

எனக்கு ஓனரின் டிரம் ஞாபகம் வந்தது.

ஐந்தரைக்கு ஓனர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. மேசை நாற்காலி மாதிரி நானும் அங்கே ஒரு பொருள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், டீச்சர் வீட்டுக்குப் போனதையும் சேர்த்து. ஓனர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரி, போனது போகட்டும். இப்ப நான் சொல்றதைக் கேளு. அந்த ஆளுக்குக் கோபம் வெள்ளைப் பவுடர் மேல. ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அதை நாம விக்கறதுகூட இல்லை. இனிமே இங்க கிரியேட்டின் தடைன்னு ஒரு போர்டு மாட்டிடறேன். நீ தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு மன்னிப்பு கேளு. அவரும் குளிர்ந்துடுவார், டீச்சருக்கும் சரியாயிடும். உன் வேலையும் அப்படியே இருக்கும்."

"சிவப்பு?"

"அதைப் பத்தி யார் கேட்டா?"

"இன்னும் பதினோரு பேர் அதைக் குடிக்கறாங்க சார். அதுல ஒருத்தங்களுக்குப் படபடப்பு இருக்கு, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அதுல எவ்வளவு காஃபீன்?"

"டிரம்ல எழுதலைம்மா. எனக்கே தெரியாது. காப்பி மாதிரிதானே. காப்பி குடிச்சு யார் செத்தா?" ஓனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உனக்குப் பிள்ளை இருக்கு. தங்கச்சியும் வந்து உக்காந்திருக்கா. யோசிச்சுப் பேசு."

அக்கா யோசித்தாள். அவள் எடை தூக்குவதற்கு முன் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள், அப்படி ஒரு நிற்பு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் என்ன ஜாடை காட்டியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

டீச்சரின் கணவர் ஆறு அடிக்க ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். துணிக்கடைச் சட்டையில் இன்னும் பெயர் வில்லை இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"யாரும்மா இங்க ஜாக்கி?"

"நான்தான்."

"என் மனைவிக்குப் போதைப் பழக்கம் பண்ணி விட்டது நீங்கதானா?"

"உக்காருங்க சார்" என்றார் ஓனர். "எங்க கோச் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறாங்க. இனிமே இங்க கிரியேட்டினே கிடையாது."

"அவங்க வாயால சொல்லட்டும்."

"மன்னிப்பு கேக்கறேன்" என்றாள் அக்கா. ஓனரின் தோள் ஒரு பிடி இறங்கியது. "உங்க வீட்டம்மா என்ன குடிக்கறாங்கன்னு ஆறு மாசமா கேக்காம விட்டேன். நிறுத்தலாமான்னு கேட்டப்பவும் விசாரிக்கலை. அது என் தப்பு. ஆனா அவங்களைப் படுக்க வெச்சது கிரியேட்டின் இல்லை."

"ஏம்மா!" என்றார் ஓனர்.

"டப்பாவுல ரெண்டு பவுடர் கலந்திருக்கு. கவுண்டர்ல விக்கற சிவப்புப் பவுடர்ல காஃபீன் இருக்கு. எவ்வளவுன்னு பையில எழுதலை, டிரம்லயும் எழுதலை. ஒரே நாள்ல அது நின்னதுதான் தலைவலி. நான் சொல்றதை நம்ப வேண்டாம், உங்க டாக்டரைக் கேளுங்க. உங்க வீட்டம்மாவையும் கேளுங்க, மத்தியானம் காப்பி குடிச்சப்புறம் எப்படி இருக்காங்கன்னு."

"நீங்க வீட்டுக்குப் போனீங்களா? என்னைக் கேக்காம?"

"போனேன்."

அவர் முகம் சிவந்தது. கதவை அறைந்துகொண்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் போனை எடுத்தார். மனைவியைக் கூப்பிட்டார். இந்தப் பக்கம் அவர் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. "ம். எந்திரிச்சியா? ... சமைச்சியா? யார் சமைக்கச் சொன்னா உன்னை? ... ம். ... ஏன் எனக்குப் போன் பண்ணலை? ... சரி, கடையில போனை வெளிய வெச்சுடுவோம், ஆமா. ... ம்." வைத்துவிட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பையைக் கொண்டாங்க" என்றார், ஓனரிடம்.

"சார், அது எல்லா ஜிம்லயும் விக்கற சாதாரண..."

"எங்க கடையில அம்பது ரூபா துண்டுலகூட எவ்வளவு பருத்தி, எத்தனை நூல்னு சீட்டு தைச்சிருக்கும். வாயில போடற சாமானுக்கு ஒரு சீட்டு இல்லையா?"

ஓனர் அக்காவைப் பார்த்து, குரலை ஏற்றாமல் சொன்னார். "நாளைக்கு நீ வர வேண்டாம். அலமாரிச் சாவியை வெச்சுட்டுப் போ."

"அவங்களை எதுக்கு அனுப்பறீங்க?" என்றார் கணவர். அவருக்கே அந்தக் கேள்வி வியப்பாக இருந்தது போல முகம்.

அக்கா சாவியை மேசையில் வைத்தாள். படபடப்பு உள்ள அந்தப் பெண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டாள். "நான் ஜாக்கி பேசறேன். சிவப்புப் பவுடரை நாளைக்குக் கரண்டி பாதியாக்குங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு மெதுவா விடுங்க. ஒரேயடியா விடாதீங்க, தலைவலிக்கும். ஆமா, சிவப்பு. வெள்ளை இல்லை." மற்ற பத்துப் பேருக்கும் அதே செய்தியை எழுதி அனுப்பிய பிறகுதான் அறையை விட்டு வெளியே வந்தாள். ஓனர் தடுக்கவில்லை. டீச்சரின் கணவர் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் அவர் எங்கள் பின்னால் வேகமாக இறங்கி வந்தார்.

"மேடம். ஒரு நிமிஷம்." மூச்சு வாங்கியது. "அந்த வெள்ளையை அவ மறுபடி எடுத்துக்கலாமா கூடாதா? வீட்டுக்குப் போனா கேப்பா. நான் ஏதாவது சொல்லணும்."

"இஷ்டம்னா எடுக்கலாம். வேண்டாம்னா விட்டுடலாம். எடுத்தா கடைசி ஒண்ணு ரெண்டு தூக்கு சுலபமா வரும், விட்டா வராது. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லை. முதல்ல காப்பியைக் குறைச்சு முடிக்கட்டும்."

"ம்." அவர் போகவில்லை. பெயர் வில்லையைத் திருகிக்கொண்டு நின்றார். "காலையில அந்த மாதிரி பேசியிருக்கக் கூடாது. பயந்துட்டேன். மூணு நாளா அவ கிடந்த மாதிரி முன்னாடி பார்த்ததே இல்லை."

"பயந்தா யாரும் அப்படித்தான் பேசுவாங்க" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. ஆனால் படிக் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்தது. அடுத்த மாத வாடகை, பிள்ளையின் பள்ளி, எல்லாம் அந்தப் பிடியில் இருந்தன.

"அப்ப சரியானதும் அவ எங்க வரணும்? இங்க இனிமே விட மாட்டேன். உங்ககிட்டதான் வருவேன்னு போன்லயே சொல்லிட்டா."

அக்கா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள், ஏதோ ஒரு இடம் அங்கேயே காலியாகக் கிடக்கும் என்பது போல.

"தெரியலை சார். ரெண்டு வாரம் நல்லாத் தூங்கச் சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு இடம் பார்த்துட்டுச் சொல்றேன்."